கல்லடி முதல் மஞ்சந்தொடுவாய் வரை 27 சலூன்கள்: அண்மை அயல் விகிதம் போட்டுப் பார்த்த அனுபவம்

உயர்தர வகுப்பில் பரம்பல் கோலங்கள் படிப்பித்துக்கொண்டிருந்தபோது ஒரு மாணவன் கேட்டான்: "சேர், எங்கட பக்கம் சலூன் எல்லாம் ஒரே இடத்தில குவிஞ்சு கிடக்கே, அது கொத்தான பரம்பல்தானே?" பக்கத்திலிருந்தவன் உடனே மறுத்தான். தன் வீட்டிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் ஐந்து நிமிடத்தில் ஒரு சலூன் வரும், ஆகவே சீரான பரம்பல் என்றான். இரண்டு பேருமே கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னார்கள். அளந்து பார்க்காமல் இந்த வாதம் தீராது என்று தோன்றியதால், அடுத்த மூன்று சனிக்கிழமைகளை அதற்கே ஒதுக்கினோம்.

அளக்கும் முறை பழையது. 1954இல் கிளார்க், எவன்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் உயிரினங்களின் பரம்பலை அளப்பதற்காக வெளியிட்டது. ஒவ்வொரு புள்ளிக்கும் மிகக் கிட்டிய அயல் புள்ளி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளந்து சராசரி எடுக்க வேண்டும். அதே எண்ணிக்கைப் புள்ளிகளை அதே பரப்பில் எழுமாறாகத் தூவினால் அந்தச் சராசரி எவ்வளவு வரும் என்பதற்கு ஒரு சூத்திரம் இருக்கிறது. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் வருவதுதான் அண்மை அயல் விகிதம் R.

```
எதிர்பார்க்கும் தூரம் = 0.5 * sqrt(A / n)
R = அளந்த சராசரி / எதிர்பார்க்கும் தூரம்
நியம வழு = 0.26136 * sqrt(A) / n
z = (அளந்த சராசரி - எதிர்பார்க்கும் தூரம்) / நியம வழு
```

A என்பது பரப்பு, n என்பது கடைகளின் எண்ணிக்கை. R 1இற்குக் கிட்ட வந்தால் எழுமாறான பரம்பல். 0ஐ நோக்கிப் போனால் கொத்து. எல்லாப் புள்ளியும் தேன்கூட்டு அறைகளின் மையங்கள் போல அமைந்தால் R ஏறத்தாழ 2.15, அதற்கு மேல் போக இடமில்லை. z -1.96இற்குக் கீழே அல்லது +1.96இற்கு மேலே போனால்தான், தற்செயலாக இப்படி வந்திருக்காது என்று 5 சதவீத மட்டத்தில் சொல்லலாம். இந்தச் சூத்திரத்தில் A எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதைக் கொஞ்சம் கவனித்து வையுங்கள். எங்கள் மூன்று வாரப் பாடும் அந்த ஓர் எழுத்தோடுதான்.

ஆய்வுப் பிரதேசமாக எடுத்தது மட்டக்களப்பில் கல்லடிப் பாலம் இறங்கும் இடத்திலிருந்து நொச்சிமுனை, நாவற்குடா தாண்டி மஞ்சந்தொடுவாய் வரையான நிலத்துண்டு. மேற்கே வாவி, கிழக்கே கடல், நடுவில் கல்முனைக்குப் போகும் பெருந்தெரு. இரண்டு தண்ணீருக்கும் இடையில் ஒடுங்கிக் கிடக்கும் இந்தத் துண்டு நேர் வடக்குத் தெற்காக இல்லை, வடமேற்கிலிருந்து தென்கிழக்காகச் சரிந்து போகிறது. அந்தச் சரிவு பிறகு எங்களை ஏமாற்றியது.

பொடியன்கள் நான்கு பேர் சைக்கிளிலும், நான் மோட்டார் சைக்கிளிலுமாக ஒழுங்கை ஒழுங்கையாகப் போய், ஒவ்வொரு சலூன் வாசலிலும் நின்று போனில் புள்ளியைப் பதிந்தோம். வாசலில் ஒரு நிமிடமாவது நின்று, போன் காட்டும் வழு 5 மீற்றருக்குள் வந்த பிறகே பதிய வேண்டும் என்று சொல்லியிருந்தேன். பெண்களுக்கான அழகுநிலையங்களைச் சேர்ப்பதில்லை என்று முதலே முடிவெடுத்தோம். அவை பெரும்பாலும் வீட்டுக்குள் நடக்கின்றன, பெயர்ப்பலகை இல்லாதவையும் உண்டு, பாதியைத் தவறவிட்டால் கணக்கே பிழைத்துவிடும். கடைசியில் கையில் 29 புள்ளிகள்.

வீட்டுக்கு வந்து QGIS என்ற வரைபட மென்பொருளில் ஏற்றி, `Nearest neighbour analysis` என்ற கருவியை ஓட்டினேன். `Observed mean distance` என்ற இடத்தில் 139.3 வந்தது. `Expected mean distance` 0.0022. விகிதம் அறுபதாயிரத்துக்கு மேல்! உச்சம் 2.15 ஆக இருக்க வேண்டிய ஒன்று. காரணம் விளங்க அதிக நேரம் எடுக்கவில்லை. போனில் பதிந்த புள்ளிகள் அகலாங்கு, நெட்டாங்கு பாகையில் இருந்தன. நான் வைத்திருக்கும் பதிப்பு, புள்ளிகளுக்கிடையிலான தூரத்தை மீற்றரில் அளந்துவிட்டு, பரப்பை மட்டும் பாகையிலேயே பெருக்கி எடுத்திருக்கிறது. ஆகவே முதல் வேலை, படையை மீற்றர் அலகுள்ள எறியத்துக்கு மாற்றிச் சேமிப்பது. மட்டக்களப்புக்கு `EPSG:32644` பொருந்தும். திரையில் தெரியும் எறியத்தை மட்டும் மாற்றினால் போதாது, `Reproject layer` கொடுத்துப் புதிய கோப்பாகவே எடுக்க வேண்டும். இந்தப் பிழை பெரிய எண்ணாக வந்தபடியால் கண்ணில் பட்டது. அடுத்தது அப்படி வரவில்லை.

மாற்றிய கோப்பில் திரும்ப ஓட்டினேன். அளந்த சராசரி அதே 139.3 மீற்றர், எதிர்பார்க்கும் தூரம் 245.2 மீற்றர், R 0.57, z -4.45. முதலாவது மாணவன் வென்றுவிட்டான் போலத்தான் தெரிந்தது. மிக உறுதியான கொத்து. 0.57 என்பது நம்பக்கூடிய எண் வேறு. திங்கட்கிழமை வகுப்பில் சொல்லியும் விட்டேன்.

அன்று பின்னேரம் எதிர்பார்க்கும் தூரத்தைக் கையால் போட்டுப் பார்க்கலாம் என்று கல்குலேற்றரை எடுத்தேன். 245.2ஐ இரட்டித்து, வர்க்கித்து, 29ஆல் பெருக்கினால் A வரும். 6.97 சதுர கிலோமீற்றர் வந்தது. கல்லடிக்கும் மஞ்சந்தொடுவாய்க்கும் இடையில் அவ்வளவு நிலம் கிடையாது. நானே வரைபடத்தில் வாவிக்கரை, கடற்கரை, பாலம், மஞ்சந்தொடுவாய் என்று நான்கு பக்கமும் எல்லை போட்டுப் பல்கோணி வரைந்து அளந்தபோது 3.4 சதுர கிலோமீற்றர்தான் வந்தது. மிச்சம் எங்கிருந்து வந்தது?

இந்தக் கருவி எங்களிடம் பரப்பைக் கேட்பதே இல்லை. புள்ளிகள் எல்லாவற்றையும் அடக்கும் நேரான செவ்வகம் ஒன்றை எடுத்து, அதன் அகலத்தையும் உயரத்தையும் பெருக்கி அதுதான் A என்று வைத்துக்கொள்கிறது. எங்கள் புள்ளிகளுக்கு அது 2.25 கிலோமீற்றர் அகலம், 3.10 கிலோமீற்றர் உயரம். நிலமோ அந்தச் செவ்வகத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குச் சரிந்து போகிறது. அதனால் வடகிழக்கு மூலை முழுக்கக் கடல், தென்மேற்கு மூலையில் வாவி. கடலிலும் வாவியிலும் சலூன் இருக்கலாம், ஆனால் இல்லை, ஆகவே இருப்பவை எல்லாம் தரையில் கொத்தாகிவிட்டன என்றுதான் அந்த 0.57 சொல்லியிருக்கிறது. வெறும் தண்ணீரைப் பரப்பில் சேர்த்தால் எந்தக் கடையும் கொத்தாகத்தான் தெரியும்.

மறுநாள் வகுப்பில் திங்கட்கிழமை சொன்னதை மீளப் பெற்றேன். செவ்வகத்தைக் கரும்பலகையில் வரைந்து, மூலைகளில் 'கடல்', 'வாவி' என்று எழுதியதும் பிள்ளைகளுக்குச் சட்டென்று விளங்கியது. கரையோரத்தில் இருக்கும் எங்களுக்கு இது எப்போதும் வரும் பிரச்சினை. காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி, கல்முனை என்று எந்த ஊரை எடுத்தாலும் இதே ஒடுங்கிய துண்டுதான்.

சரி, A = 3.4 என்று வைத்துக் கையால் போட்டோம். எதிர்பார்க்கும் தூரம் 171.2 மீற்றர், R 0.81, z -1.92. எல்லைக்கோடு -1.96. இவ்வளவு விளிம்பில் வந்து நிற்கும் எண்ணை எந்தப் பக்கத்துக்கும் எடுக்க எனக்கு மனம் வரவில்லை. 29 தூரங்களையும் சிறிதிலிருந்து பெரிதாக அடுக்கி ஒரு தாளில் எழுதினேன். இந்த வேலையை முதலிலேயே செய்திருக்க வேண்டும். பட்டியலின் தலையில் 4, 4, 6, 6 என்று நின்றது. சுவருக்குச் சுவர் ஒட்டிய கடை என்றாலும் வாசலுக்கு வாசல் 4 மீற்றர் என்பது கொஞ்சம் நெருக்கம். போனின் வழுவே 5 மீற்றர். போய்ப் பார்த்தால் நொச்சிமுனையில் ஒரு சலூனை இரண்டு பேர் இரண்டு தடவை பதிந்திருக்கிறார்கள். நாவற்குடாவிலும் அப்படியே ஒன்று. இருவருக்கும் பிரித்துக் கொடுத்த ஒழுங்கைகள் சந்திக்கும் முனையில் அந்தக் கடைகள் இருந்தன.

இரண்டு புள்ளிகளை அழித்ததும் நிலைமை நிறைய மாறியது. 27 கடைகள், அளந்த சராசரி 162 மீற்றர், எதிர்பார்க்கும் தூரம் 177.4, R 0.91, z -0.86. 29இல் இரண்டு என்பது சின்ன விசயம் போலத் தெரியும். ஆனால் இரட்டைப் பதிவு ஒன்று சராசரியை இரண்டு இடத்தில் இழுக்கிறது: புதிதாக ஒரு 4 சேர்கிறது, உண்மையான கடையின் 210 மீற்றரும் 4 ஆகிவிடுகிறது. தூரப் பட்டியலின் தலையைப் பார்க்காமல் R எழுதக் கூடாது என்பதை இப்போது பிள்ளைகள் எனக்கே ஞாபகப்படுத்துகிறார்கள்.

இத்தோடு "எழுமாறான பரம்பல்" என்று எழுதி முடித்திருக்கலாம். இரண்டு விசயம் விடவில்லை. ஒன்று, ஓரக் கடைகள். தெற்குக் கோடியில் உள்ள சலூனுக்கு எங்கள் பட்டியலில் கிட்டிய அயல் 300 மீற்றருக்கு அப்பால். உண்மையில் எல்லையைத் தாண்டினால் அதைவிடக் கிட்ட இன்னொன்று இருக்கிறது, நாங்கள் அதைப் பதியவில்லை. சூத்திரம் எல்லையே இல்லாத பரப்பை நினைத்து எழுதப்பட்டது. ஒடுங்கிய துண்டில் ஓரம் அதிகம் என்பதால் அளந்த தூரம் செயற்கையாகக் கூடும். மற்றது, கடைகள் நிலத்தில் எங்கும் முளைப்பதில்லை, தெருவோரத்தில்தான் முளைக்கும்.

இரண்டுக்கும் சேர்த்து ஒரே மருந்து, சூத்திரத்தை விட்டுவிட்டு நாமே தூவிப் பார்ப்பது. ஓபன்ஸ்ட்ரீட்மாப்பிலிருந்து தெருக்களை இறக்கி, பல்கோணிக்குள் வெட்டி, `Points along geometry` கொண்டு ஐந்து மீற்றருக்கு ஒரு புள்ளி வைத்தோம். அந்தப் புள்ளிகளிலிருந்து எழுமாறாக 27ஐ எடு, சராசரி பார், திரும்ப எடு. இப்படி 999 தடவை.

```python
import numpy as np
from scipy.spatial import cKDTree

def nn(p):
    d, _ = cKDTree(p).query(p, k=2)
    return d[:, 1].mean()

sim = [nn(road[np.random.choice(len(road), 27, replace=False)])
       for _ in range(999)]
print(nn(shops), np.mean(sim), sum(s <= nn(shops) for s in sim))
```

`road` என்பது தெருப் புள்ளிகளின், `shops` என்பது 27 சலூன்களின் மீற்றர் ஆள்கூறுகள்; இரண்டையும் numpy அணிகளாக முதலே ஏற்றி வைத்திருக்க வேண்டும். `k=2` என்பதைத் தவறவிடக் கூடாது. ஒரு புள்ளிக்கு முதலாவது கிட்டிய புள்ளி அதுவேதான், தூரம் 0. இரண்டாவதுதான் அயல். கற்பனைக் கடைகளுக்கும் அதே கரை, அதே எல்லை என்பதால் ஓரப் பிரச்சினை இரண்டு பக்கமும் சமமாகிவிடுகிறது. 999 தடவையின் சராசரி 183 மீற்றர் வந்தது. சூத்திரம் சொன்ன 177ஐ விடக் கூட, ஓரம் செய்யும் வேலை அது. எங்கள் 162 மீற்றரோ அதற்குக் குறைவாகவோ வந்தது 141 தடவை. ஆக, கொஞ்சம் நெருக்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் ஏழு தடவைக்கு ஒரு தடவை தற்செயலாகவே இப்படி வரும்.

அப்புறம் ஒரு நாள் அந்தப் பட்டியலைத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரட்டைப் பதிவுகள் போன பிறகும் தலையில் பத்துக் கடைகள் 54 மீற்றருக்குள் நின்றன. பதினோராவது கடை ஒரேயடியாக 118 மீற்றர். நடுவில் ஒன்றுமே இல்லை. அந்தப் பத்தும் ஐந்து சோடிகள்: ஒன்றுக்கொன்று கிட்டிய அயல், தெருவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், அல்லது இரண்டு கடை தள்ளி என்று. அவற்றின் சராசரி 31 மீற்றர். மிச்சப் பதினேழின் சராசரி 239 மீற்றர். முழுதாக எழுமாறாக இருந்தால் வர வேண்டிய 183ஐ விட நிறையக் கூட. அதாவது 162 என்ற அந்தச் சராசரியில் இரண்டு வேறு பழக்கங்கள் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு நின்றன. சோடியாக ஒட்டியவை ஒரு பக்கம், தனியே விலகி நிற்பவை மறுபக்கம். R 0.91 இரண்டையும் கூட்டிக் கலந்து, ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டது.

இதையும் சோதித்தோம். அதே 999 தூவலில், 60 மீற்றருக்குள் அயல் உள்ள கடைகள் எத்தனை என்று எண்ணினோம். சராசரி மூன்று. பத்தோ அதற்கு மேலோ வந்தது 17 தடவை மட்டும். இது கணிசமான சான்று. ஆனால் 60 என்ற எண்ணைப் பட்டியலைப் பார்த்த பிறகுதான் தேர்ந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். 100 மீற்றர் என்று வைத்தால் எழுமாறாகத் தூவினாலே ஆறு கடை அப்படி வரும், பத்து பெரிய ஆச்சரியமில்லை. ஆகவே இதைத் தீர்ப்பாக எடுக்காமல், அடுத்த ஊரில் 60ஐ முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டுச் சோதிக்க வேண்டிய ஊகமாக வைத்திருக்கிறோம்.

சோடிகள் ஏன் வந்தன என்று எண்கள் சொல்லாது. நாவற்குடாவில் ஒரு சலூன்காரரிடம் பொடியன்களோடு போய்க் கேட்டேன். முப்பது வருடமாக அதே கதிரை, கைப்பிடித் தோல் தேய்ந்து துணி தெரிகிறது. எதிரே தெருவைத் தாண்டினால் மற்றக் கடை.

"அவன் என்னட்ட வேலை பழகின பொடியன், தம்பி" என்றார். "கலியாணம் முடிச்சாப் பிறகு தனியாப் போடப் போறன் எண்டான். எங்கயாவது தூரப் போய்ப் போடு எண்டு நான் சொல்லல்ல. இங்கதான் ஆக்கள் அவனைத் தெரிஞ்சிருக்கு. சனிக்கிழமை என்னட்ட நாலு பேர் காத்திருந்தா, அஞ்சாவது ஆள் அங்க போகும். அந்த ஆள் ஊரை விட்டுப் போகல்லத்தானே."

அண்ணன் சொன்னதைப் பொடியன்கள் கொப்பியில் அப்படியே எழுதிக்கொண்டார்கள். மற்ற நான்கு சோடிகளிலும் விசாரித்தோம். இரண்டில் இதே கதை, பழைய தொழிலாளி தனியாகப் பிரிந்தது. ஒன்றில் உறவுக்காரர். ஒன்றில் ஒருவருக்கொருவர் பேச்சில்லை.

இப்போது பிள்ளைகள் அதே துண்டில் பாமசிகளைச் செய்ய வேண்டும் என்று நிற்கிறார்கள். எண்ணிப் பார்த்ததில் 11தான் இருக்கின்றன. 11 கடையோடு A = 3.4 என்று போட்டால் எதிர்பார்க்கும் தூரம் 278 மீற்றர், நியம வழு 44 மீற்றர். அளந்த சராசரி 192 மீற்றருக்குக் கீழே இறங்கினால்தான் கொத்து என்று சொல்ல முடியும். அதாவது R 0.69இற்குக் கீழே. உண்மையில் ஓரளவு கொத்தாக இருந்தாலும் இந்தச் சோதனை அதைக் காணாது. அதனால் காத்தான்குடியையும் ஆரையம்பதியையும் சேர்த்து எல்லையை நீட்டுவது என்றும், எல்லைக்கு வெளியே அரைக் கிலோமீற்றர் வரை உள்ள பாமசிகளையும் பதிவது என்றும் முடிவெடுத்திருக்கிறோம். வெளியே உள்ளவை n இல் சேராது, ஆனால் உள்ளே இருப்பவற்றின் அயலாக நிற்கலாம். ஒழுங்கைகளைப் பிரிக்கும்போது முனைக் கடை யாருடையது என்பதை இந்த முறை வரைபடத்திலேயே சிவப்பு மையால் குறித்துவிட்டோம்.